52 சதவீதமா, 4 சதவீதமா?

2025 தீபாவளிக்கு மறுநாள் காலை. ஏழு கடைகளும் ஆன்லைன் விற்பனையும் வைத்திருக்கும் மதுரை ரெடிமேட் சட்டை நிறுவனம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே விற்பனைக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர், தங்கை திருமணத்துக்காக ஒரு வாரம் ஊருக்குப் போகிறார். 11 மணிக்கு முதலாளியோடு நடக்கும் கூட்டத்தில் அவருக்குப் பதிலாக உட்காரப்போவது கொள்முதல் பிரிவில் இருக்கும் மூத்த சக ஊழியர். பேருந்து ஏறும் அவசரத்தில் இளைஞர் டாஷ்போர்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்: "அக்கா, இதுதான் இந்த மாசக் கணக்கு."

படத்தில் பெரிய எழுத்தில் `₹41.8M` என்று இருக்கிறது. அதன் கீழே `vs LY`, பச்சை நிறத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி, 52%. பக்கத்தில் இலக்கில் 76% எட்டியதாக ஒரு வட்டம். இன்னொரு கட்டத்தில் ஆன்லைன் ரிட்டர்ன் 3.1%. ஒவ்வொன்றும் நல்ல செய்தி. இதை அப்படியே கூட்டத்தில் வாசித்தால், "வியாபாரம் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டதே, பொங்கலுக்கு ஸ்டாக்கை அதே அளவு கூட்டுங்கள்" என்று முதலாளி சொல்வது இயல்பு. அந்த உத்தரவை நிறைவேற்ற வேண்டியவரும் கொள்முதல் பிரிவில் இருக்கும் அதே அக்காதான்.

திரையில் ஓர் எண்கூடத் தவறு இல்லை. ஆனால் அந்தப் படத்தோடு போகவேண்டிய பத்து வரிக் குறிப்பு போகவில்லை. பொறுப்பை ஒப்படைக்கும்போது எழுதும் அந்தக் குறிப்பில் என்ன இருக்க வேண்டும் என்பதை இந்த ஒரு படத்தை வைத்தே பார்க்கலாம். நிறுவனமும் அதன் விற்பனைத் தொகைகளும் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை. பண்டிகைத் தேதிகளும் வரி விகிதங்களும் நடந்தவை.

முதலில் அந்த `M`. பல டாஷ்போர்டு மென்பொருள்கள் பெரிய தொகைகளைத் தாமாகவே மில்லியனில் சுருக்கிக் காட்டும். ஒரு மில்லியன் என்பது 10 லட்சம். ஆகவே 41.8 மில்லியன் என்பது 4 கோடியே 18 லட்சம். இதை ஓடுகிற கூட்டத்தில் மனக்கணக்காகப் போடச் சொன்னால், 41 கோடி என்று வாய்தவறி வருவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. குறிப்பை எழுதுகிறவர் இதைக் கோடியில் மாற்றி எழுதிவிட வேண்டும். ஒரு தசமம் மட்டும் காட்டுவதால் உண்மைத் தொகை 4.175 கோடிக்கும் 4.185 கோடிக்கும் நடுவே எங்கேயும் இருக்கலாம். அதாவது ஒரு லட்சம் ரூபாய் வரை வேறுபாடு வரும். கூட்டத்துக்கு இது போதும், கணக்குப் பிரிவுக்குப் போதாது.

அடுத்தது 52%. இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும்.

அக்டோபர் 1 முதல் 20 வரை நடந்த விற்பனையை, போன ஆண்டு அதே அக்டோபர் 1 முதல் 20 வரை நடந்த விற்பனையோடு டாஷ்போர்டு ஒப்பிட்டிருக்கிறது. போன ஆண்டு அந்த 20 நாளில் 2.75 கோடி, இந்த ஆண்டு 4.18 கோடி. வகுத்தால் 52% வளர்ச்சி சரியாகவே வருகிறது. ஆனால் தீபாவளி ஐப்பசி மாதத் தேய்பிறையைப் பார்த்து வருகிறது, ஆங்கிலத் தேதியைப் பார்த்து வருவதில்லை. 2024இல் அது அக்டோபர் 31, வியாழக்கிழமை. 2025இல் அக்டோபர் 20, திங்கட்கிழமை. ஆக, இந்த ஆண்டின் 20 நாள் தீபாவளியோடு முடிகிறது. போன ஆண்டின் 20 நாள், தீபாவளிக்கு இன்னும் 11 நாள் இருக்கும்போதே முடிந்துவிடுகிறது. ஜவுளிக்கடை வாசலில் கூட்டம் நெரியும் கடைசி வாரம் ஒரு பக்கம் முழுதாக இருக்கிறது, மறுபக்கம் அறவே இல்லை.

சரியான ஒப்பீடு வேண்டுமென்றால் தேதியை விட்டுவிட்டுத் தீபாவளியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தீபாவளியன்று முடியும் 20 நாள் என்று எடுத்தால், 2024இல் அது அக்டோபர் 12 முதல் 31 வரை. அந்த நாட்களின் விற்பனை 4.02 கோடி என்று டாஷ்போர்டிலேயே தேதியை மாற்றிப் பார்க்கலாம். 4.02 கோடிக்கு 4.18 கோடி என்றால் வளர்ச்சி 4% மட்டுமே. ஐம்பத்திரண்டு நான்காகச் சுருங்க, தேதிக் கட்டத்தில் இரண்டு சொடுக்கு போதும். ஸ்கிரீன்ஷாட்டில் அந்த இரண்டு சொடுக்குக்கு வழியில்லை. அது நிலைத்துவிட்ட படம். யார் எந்த ஃபில்டரைப் போட்டுப் பார்த்தார்கள் என்பதுகூட ஓரம் வெட்டுப்பட்டால் தெரியாமல் போய்விடும்.

இந்த இரு எண்களில் எது சரி என்று கேட்டால், இரண்டும் சரிதான் என்று நழுவக்கூடாது. "இந்த மாதம் இதுவரை எவ்வளவு பணம் கூடுதலாக வந்திருக்கிறது" என்பதற்கு விடை 52%. சம்பளத்துக்கும் வங்கித் தவணைக்கும் பணம் இருக்கிறதா என்று பார்ப்பவருக்கு அது பயன்படும். "வியாபாரம் வளர்ந்திருக்கிறதா, பொங்கலுக்கு எவ்வளவு வாங்கலாம்" என்பதற்கு விடை 4%க்குப் பக்கத்தில் இருக்கிறது. கூட்டத்தில் கேட்கப்படப்போவது இரண்டாவது கேள்வி. ஆகவே குறிப்பின் முதல் வரியில் இருக்க வேண்டியது அதன் விடை.

ஆனால் அந்த 4%க்கும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. காரணம் ஜி.எஸ்.டி.

2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைகளுக்கான வரி மாறியது. அதற்கு முன்பு ஓர் ஆடையின் விலை 1,000 ரூபாய் வரை இருந்தால் 5%, அதைத் தாண்டினால் 12%. மாற்றத்துக்குப் பிறகு 2,500 ரூபாய் வரை 5%, அதற்கு மேல் 18%. நம் நிறுவனம் 2,500 ரூபாயைத் தாண்டிச் சட்டை விற்பதில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இந்த அக்டோபரில் விற்ற எல்லாச் சட்டைக்கும் வரி 5%தான். போன ஆண்டு பெரும்பாலான சட்டைக்கு 12%.

இது டாஷ்போர்டில் எப்படித் தெரியும்? வரிக்கு முன் 1,500 ரூபாய் விலையுள்ள ஒரு சட்டையைப் பாருங்கள். போன ஆண்டு வரி 180 ரூபாய் சேர்ந்து 1,680க்கு பில் போட்டார்கள். இந்த ஆண்டு வரி 75 ரூபாய், பில் 1,575. கடைக்குச் சேரும் தொகை இரண்டு முறையும் அதே 1,500தான். ஆனால் பில் தொகையைக் கூட்டிக் காட்டும் டாஷ்போர்டில் இந்தச் சட்டையின் விற்பனை 6 சதவீதத்துக்கு மேல் இறங்கியதுபோலத் தெரியும். விற்பனையாளரும் வாடிக்கையாளரும் ஒரு தவறும் செய்யாமலேயே எண் குறைகிறது.

ஆக, வரியைக் கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும். இந்த ஆண்டின் 4.18 கோடியை 1.05ஆல் வகுத்தால் 3.98 கோடி. போன ஆண்டு இரண்டு வரி விகிதங்களும் கலந்திருப்பதால் ஒரே எண்ணால் வகுக்க முடியாது. பில்லிங் மென்பொருளிலிருந்து வரி நீங்கிய தொகையை எடுக்க வேண்டும். அது 3.66 கோடி என்று வந்தால், வளர்ச்சி 9%க்குச் சற்றுக் குறைவு. இந்த நிறுவனத்தின் வியாபாரம் எவ்வளவு வளர்ந்தது என்ற கேள்விக்கு நான் நம்பிச் சொல்லக்கூடிய எண் இதுதான். திரையில் அது எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். திரையில் இருந்த 52%ஐத் தேதியால் திருத்தி 4%, அதை வரியால் திருத்தி 9% என்று இரண்டு படி நடந்த பிறகுதான் அது கிடைக்கிறது. திருத்தங்கள் எப்போதும் நல்ல செய்தியைக் கெடுக்கவே வருகின்றன என்று நினைக்க வேண்டியதில்லை. முதல் திருத்தம் எண்ணைக் கீழே இழுத்தது, இரண்டாவது மேலே தூக்கியது.

இனி இலக்கு வட்டம். மாத இலக்கு 5.5 கோடி, எட்டியது 76%. மாதத்தில் 20 நாள், அதாவது 65% நாட்கள் முடிந்திருக்கும்போது 76% என்றால் முந்திக்கொண்டு ஓடுகிறோம் என்று தோன்றும். அப்படியில்லை. தீபாவளி முடிந்ததும் சட்டைக்கடை ஓய்ந்துவிடும். போன ஆண்டு தீபாவளிக்கு அடுத்த 11 நாட்களில் விற்றது 48 லட்சம். இந்த ஆண்டும் ஏறக்குறைய அவ்வளவே விற்றால் மாத முடிவில் மொத்தம் 4.66 கோடி, இலக்கில் 85%.

அப்படியானால் விற்பனைக் குழு கோட்டைவிட்டுவிட்டதா? இலக்கு எப்படி வந்தது என்று பார்க்காமல் அப்படிச் சொல்வது அநியாயம். போன ஆண்டு அக்டோபர் முழுவதுக்குமான விற்பனை 5.22 கோடி. அதன்மேல் 5% கூட்டி 5.5 கோடி என்று வைத்திருக்கிறார்கள். போன ஆண்டு அக்டோபரின் கடைசி நாளே தீபாவளி. ஆயுத பூஜையும் 2024இல் அக்டோபர் 11 அன்று வந்தது. மாதத்தில் ஓய்ந்த நாள் என்று ஒன்றும் இல்லை. 2025இல் ஆயுத பூஜை அக்டோபர் 1 அன்றே வந்துவிட்டதால் அதற்கான வாங்கல் செப்டம்பரில் சேர்ந்துவிட்டது. தீபாவளிக்குப் பின் 11 நாள் சும்மா கிடக்கின்றன. இலக்கு வைத்தவர் நாட்காட்டியைப் புரட்டவில்லை. குறிப்பில் இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: 85%இல் நின்றால் அதற்குப் பாதிக் காரணம் இலக்கு, இந்த மாதத்தைச் செப்டம்பரோடு சேர்த்துப் பார்த்து மதிப்பிடுங்கள்.

மீதி இருப்பவை சிறியவை, ஆனால் கூட்டத்தில் கேள்வியாக வரக்கூடியவை. திருநெல்வேலிக் கடையின் 19ஆம் தேதிப் பட்டை மற்றக் கடைகளோடு ஒப்பிட்டால் பாதிகூட இல்லை. கடை நன்றாகத்தான் நடந்தது. மாலை 4 மணிக்கு மேல் இணையம் துண்டிக்கப்பட்டதால் பில்கள் கடைக் கணினியிலேயே தங்கிவிட்டன. தீபாவளிக்கு முந்தைய மாலை அங்கே போன ஆண்டு சுமார் 6 லட்சத்துக்கு விற்றது. இந்த முறையும் அவ்வளவு வந்து சேர்ந்தால் 4%, 9% ஆகிய இரண்டு வளர்ச்சி எண்களும் ஏறத்தாழ ஒன்றரைப் புள்ளி ஏறும். இப்படிப்பட்ட ஓட்டையைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஒவ்வொரு கடையின் கடைசி பில் நேரத்தைப் பார்ப்பது. எல்லாக் கடையும் இரவு 10, 11 மணி வரை காட்டும்போது ஒன்று மட்டும் மாலை 4 மணியோடு நின்றால், வியாபாரம் நின்றதா தகவல் நின்றதா என்று உடனே தொலைபேசியில் கேட்க வேண்டும்.

ஆன்லைன் ரிட்டர்ன் 3.1% என்பதும் இப்படித்தான். இந்த மாதம் திரும்பி வந்த சட்டைகளின் தொகையை இந்த மாதம் விற்ற தொகையால் வகுத்து அந்த எண்ணைத் தருகிறது டாஷ்போர்டு. திரும்பி வருபவை பெரும்பாலும் போன வாரங்களில் விற்றவை. விற்பனை திடீரென்று பெருகும்போது கீழே இருக்கும் எண் பெரிதாகி விகிதம் தானாகச் சுருங்கும். தீபாவளிக்கு வாங்கியவர் அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்புவதும், கேஷ் ஆன் டெலிவரி பார்சலை வீட்டில் ஆள் இல்லை என்று கூரியர் திரும்பக் கொண்டுவருவதும் இனிமேல்தான் நடக்கும். ஆகஸ்டில் போன ஆர்டர்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து பார்த்தபோது நூற்றுக்கு ஒன்பது ரூபாய் திரும்பி வந்திருந்தால், அக்டோபரின் 1.1 கோடி ஆன்லைன் விற்பனையிலும் 10 லட்சம் வரை திரும்பும் என்று எதிர்பார்ப்பதே நியாயம். இதுவரை வந்தது சுமார் மூன்றரை லட்சம்.

இத்தனையையும் குறிப்பில் எழுதினால் யார் படிப்பார்கள்? மேலே நான் விளக்கியதை அக்கா படிக்க வேண்டியதில்லை. முடிவும், அதை எவ்வளவு நம்பலாம் என்பதும்தான் அவருக்கு வேண்டும். இளைஞர் எழுதியிருக்கக்கூடிய குறிப்பு இப்படி இருக்கும்:

"அக்கா, வணக்கம். 11 மணிக் கூட்டத்துக்கான கணக்கு. படத்தில் இருக்கும் 52%ஐ வளர்ச்சி என்று சொல்லிவிடாதீர்கள். போன வருடம் தீபாவளி 31ஆம் தேதி, அதனால் வந்த வித்தியாசம் அது. தீபாவளிக்குத் தீபாவளி ஒப்பிட்டு, வரியைக் கழித்துப் பார்த்தால் வளர்ச்சி சுமார் 9%.

திரையில் உள்ளது: அக்டோபர் 1 முதல் 20 வரை விற்பனை 4.18 கோடி, ஜி.எஸ்.டி. சேர்த்து. ஏழு கடை, ஆன்லைன் எல்லாம் அடக்கம். இரண்டு வருடமும் அதே கடைகள்தான். படம் எடுத்தது 21ஆம் தேதி காலை 8.40. தகவல் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது அன்று அதிகாலை 2 மணி.

நான் கணக்கிட்டது: போன வருடத் தீபாவளிக்கு முந்தைய 20 நாள், அதாவது அக்டோபர் 12 முதல் 31 வரை, 4.02 கோடி. வரி நீக்கினால் போன வருடம் 3.66, இந்த வருடம் 3.98. மாத முடிவில் 4.6 முதல் 4.7 கோடி வரலாம், இலக்கு 5.5. போன வருட அக்டோபர் முழுவதும் பண்டிகை நாளாக இருந்ததை வைத்து இலக்கு போட்டிருக்கிறார்கள்.

இன்னும் உறுதியாகாதது: திருநெல்வேலியில் 19ஆம் தேதி மாலை 4 மணிக்கு மேல் பில் ஏறவில்லை. 6 லட்சம் இருக்கலாம் என்பது போன வருடத்தை வைத்து என் ஊகம், கடையில் கேட்டு உறுதி செய்யவில்லை. இன்று இரவு ஏறிவிட்டால் நாளை நீங்கள் திறக்கும்போது 4.18 மாறியிருக்கும், பயப்பட வேண்டாம். ஆன்லைன் ரிட்டர்ன் 3.1% என்பது தற்காலிகம். 8, 9 வரை போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் ஸ்டாக் பற்றிக் கேட்டால் 9%ஐ வைத்துப் பேசுங்கள். சட்டை எண்ணிக்கை வேண்டுமென்றால் டாஷ்போர்டின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது, நான் இன்னும் பார்க்கவில்லை. நாளைக் காலை திருநெல்வேலி பட்டையை ஒருமுறை பார்த்துவிடுங்கள் அக்கா."

இந்தக் குறிப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மூன்று பிரிவுகள்: திரையில் உள்ளது, நான் கணக்கிட்டது, உறுதியாகாதது. பெரும்பாலான குறிப்புகளில் இவை மூன்றும் ஒரே குரலில் வந்துவிடும். 4.18 கோடியும் 6 லட்சமும் ஒரே உறுதியோடு எழுதப்பட்டால், கூட்டத்தில் யாராவது "இது எங்கிருந்து வந்தது" என்று கேட்கும்போது படிப்பவருக்கு விடை தெரியாது. முதல் எண்ணைப் படத்தைக் காட்டி நிரூபிக்கலாம். இரண்டாவது வகையைத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்றாவதை விசாரித்துத்தான் உறுதி செய்ய முடியும். எதற்கு எந்த வழி என்பதைச் சொல்லிவிட்டால், எழுதியவரைத் திருமண மண்டபத்தில் தொலைபேசியில் பிடிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது.

எச்சரிக்கைகளை எவ்வளவு எழுதுவது என்பதிலும் ஒரு அளவு உண்டு. படிப்பவர் எடுக்கப்போகும் முடிவை மாற்றக்கூடியதா என்று பார்த்தால் போதும். தீபாவளித் தேதி முடிவை மாற்றுகிறது. வரி மாற்றம் மாற்றுகிறது. மில்லியன் சுருக்கத்தால் வரும் ஒரு லட்ச வேறுபாடு ஸ்டாக் முடிவை மாற்றாது, அதனால்தான் குறிப்பில் அது இல்லை. எல்லாவற்றையும் எழுதி வைத்தால் நம் கடமை முடிந்தது என்று தோன்றும், ஆனால் பதினைந்து எச்சரிக்கைகளுக்கு நடுவே தீபாவளித் தேதி காணாமல் போய்விடும்.

படத்தை அனுப்புவதற்கு முன் ஓரங்களையும் பாருங்கள். தேதி வரம்பும் ஃபில்டரும் புதுப்பித்த நேரமும் படத்துக்குள் இருக்க வேண்டும். வாடிக்கையாளர்களின் பெயரும் செல்போன் எண்ணும் கொண்ட பட்டியல் கீழே தெரிந்தால் அதை வெட்டிவிட வேண்டும். படம் வாட்ஸ்அப் குழுக்களில் எங்கெல்லாம் போகும் என்பது அனுப்பியவர் கையில் இல்லை.

இந்தக் குறிப்பை அழித்துவிடாமல் அடுத்த ஆண்டுக்கும் வைத்திருங்கள். 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. 2026 அக்டோபர் 20 அன்று இதே டாஷ்போர்டைத் திறப்பவர் சிவப்பு நிறத்தில் பெரும் சரிவைக் காண்பார், நவம்பர் 10 அன்று திறப்பவர் பச்சை நிறத்தில் பெரும் உயர்வைக் காண்பார். அப்போது ஒப்பிட வேண்டிய நாட்கள் 2026 அக்டோபர் 20 முதல் நவம்பர் 8 வரை, 2025 அக்டோபர் 1 முதல் 20 வரை.